லிஸ்ட்டுகள் சேரும் இடம்: நீளத்தை எண்ணுவதா, பாயிண்டரைத் தாவவிடுவதா?

இளவேனில்:
இரண்டு சிங்லி லிங்க்ட் லிஸ்ட் ஒரு நோடில் சேர்ந்து, அப்புறம் ஒன்றாகவே போகின்றன. சேரும் நோடைக் கண்டுபிடிக்க இரண்டு வழி படித்தேன்: நீள வித்தியாசம் பார்ப்பது, பாயிண்டரை அடுத்த லிஸ்ட்டுக்குத் தாவவிடுவது. இரண்டுமே O(m+n) தான். அப்படியென்றால் எதை எழுதுவது?

தாவல்:
யோசிக்கவே வேண்டாம், தாவவிடுங்கள். நீளம் எண்ணும் முறையில் இரண்டு லிஸ்ட்டையும் ஒரு தடவை முழுசாக நடந்து எண்ண வேண்டும், பிறகு மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். தாவும் முறை ஒரே ஓட்டம், அதனால் வேலை பாதிதான். p A-யின் தலையிலும் q B-யின் தலையிலும் தொடங்கினால், கோடும் நாலே வரி:

```c
while (p != q) {
    p = p->next ? p->next : headB;
    q = q->next ? q->next : headA;
}
return p;
```

மதியழகன்:
சேரும் இடம்தானே வேண்டும்? முதல் லிஸ்ட்டின் மதிப்புகளையெல்லாம் ஒரு செட்டில் போட்டுவிட்டு, இரண்டாவதில் நடக்கும்போது எந்த மதிப்பு முதலில் செட்டில் இருக்கிறதோ அதுதான் விடை. இதற்கு இவ்வளவு விவாதம் எதற்கு?

பழம்நிரலர்:
மதியழகன், மதிப்பைப் பார்த்தால் தப்பாகிவிடும். இரண்டு லிஸ்ட்டிலும் 8 என்ற எண் இருக்கலாம், ஆனால் அவை மெமரியில் வேறு வேறு நோடுகளாக இருக்கலாம். இங்கே தேடுவது ஒரே நோடு, அதாவது ஒரே முகவரி. முகவரிகளைச் செட்டில் போட்டால் விடை சரியாக வரும், ஆனால் லிஸ்ட் அளவுக்குக் கூடுதல் மெமரி போய்விடும். இந்த இரண்டு முறைகளும் அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் வந்தன.

தாவல், “வேலை பாதி” என்பதை ஏற்க முடியவில்லை. எண்ணிப் பார்ப்போம். A-யில் தனியாக 3 நோடு, B-யில் தனியாக 5, பொதுவாக 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். A-யின் நீளம் 7, B-யின் நீளம் 9.

நீள முறையில் எண்ணுவதற்கு 7 + 9 = 16 நகர்வு. வித்தியாசம் 2, அதனால் B-யின் பாயிண்டரை 2 நோடு முன்னால் நகர்த்துகிறோம். இப்போது இரண்டுக்குமே சேரும் இடம் 3 நோடு தூரத்தில் இருக்கிறது. சேர்ந்து நடந்தால் இன்னும் 6 நகர்வு. ஆக மொத்தம் 24.

தாவும் முறையில் p என்பது A-யின் 7 நோடுகளையும் கடந்து, B-யின் தலைக்குத் தாவி, 5 நகர்வில் சேரும் இடத்துக்கு வருகிறது. q என்பது 9 கடந்து, தாவி, 3 நகர்ந்து வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 12, இரண்டும் சேர்த்து அதே 24. முதல் முறையில் எண்ணும்போது நடக்கும் நடையை இரண்டாவது முறை நேரடியாகவே நடக்கிறது, அவ்வளவுதான். இரண்டு தனிப் பகுதிகளும் ஒரே நீளமாக இருந்தால் மட்டும் தாவும் முறை லாபம்: யாரும் தாவுவதற்கு முன்பே சந்தித்துவிடுவார்கள்.

தாவல்:
சரி, 24-ஐ ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வித்தியாசம் கணக்கிட வேண்டாம், எது நீளம் என்று `if` போட வேண்டாம். எளிமை என் பக்கம்தான்.

இளவேனில்:
அண்ணா, நீங்கள் போட்ட கோடை ஓட்டிப் பார்த்தேன். சேரும் லிஸ்ட்டுகளுக்குச் சரியான விடை வருகிறது. சேராத இரண்டு லிஸ்ட்டைக் கொடுத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பழம்நிரலர்:
சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அந்தக் கோடு `p->next` இருக்கிறதா என்று பார்த்துத் தாவுகிறது. அப்படிச் செய்தால் p-யோ q-வோ ஒருபோதும் `NULL`-ஐத் தொடுவதில்லை. பொது நோடே இல்லாதபோது இருவரும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் `NULL` தான். அது வழியில் இல்லையென்றால் A, B, A, B என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அதோடு, லிஸ்ட் காலியாக இருந்தால் `p->next` என்று படிக்கும்போதே நிரல் விழும்.

பார்க்க வேண்டியது p-யைத்தான்:

```c
while (p != q) {
    p = p ? p->next : headB;
    q = q ? q->next : headA;
}
return p;
```

7-ம் 9-ம் நீளமுள்ள, சேராத லிஸ்ட்டுகளுக்கு p-யின் கணக்கு 7 + 1 + 9, q-வின் கணக்கு 9 + 1 + 7. இரண்டும் 17-வது சுற்றில் ஒன்றாக `NULL` ஆகின்றன, லூப் நிற்கிறது. நடுவில் வரும் அந்த 1 தாவலுக்கான சுற்று. பிழையான கோடு சேரும் லிஸ்ட்டுகளில் சரியாகவே வேலை செய்யும் என்பதால் டெஸ்ட்டில் தப்பிவிடும். சேராத ஜோடி ஒன்று, காலி லிஸ்ட் ஒன்று, இரண்டையும் கட்டாயம் டெஸ்ட்டில் வையுங்கள்.

தாவல்:
சரி, திருத்தத்தை ஏற்கிறேன். திருத்திய பிறகும் அதே நாலு வரிதானே? காலி லிஸ்ட்டைக்கூடத் தனியாகப் பார்க்க வேண்டியதில்லை.

பழம்நிரலர்:
உண்மைதான், அது அழகான கோடு. என் வாதம் சேராத லிஸ்ட்டுகளைப் பற்றியது. எண்ணிக்கொண்டே போகும்போது கடைசி நோடையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு நோடுக்கு ஒரே ஒரு `next` இருப்பதால், ஒருமுறை சேர்ந்த லிஸ்ட்டுகள் மறுபடி பிரிய முடியாது. ஆகவே சேர்ந்திருந்தால் கடைசி நோடு இரண்டுக்கும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் அங்கேயே `NULL` என்று சொல்லி முடித்துவிடலாம்.

மேலே சொன்ன 7, 9 உதாரணத்தில் அதற்கு 16 நகர்வு போதும். தாவும் முறைக்கு 32. பெரும்பாலும் சேராத ஜோடிகளே வரும் இடத்தில் இது சரிபாதிச் செலவு. “ஒரே ஓட்டம்” என்ற பெயரைப் பார்த்து யாரும் இதைக் கவனிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வேர்க்கால்:
நான் இதை வேறு வடிவில் தினமும் பார்க்கிறேன். எங்கள் நிரலில் வகைகள் மரமாக இருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் அதன் மேல்வகையைக் காட்டும் பாயிண்டர் மட்டும் உண்டு. இரண்டு வகைகளுக்கு மிக அருகிலுள்ள பொது மூதாதையைத் தேட வேண்டும். மேலே போகும் இரண்டு பாதைகளும் இரண்டு லிங்க்ட் லிஸ்ட்தான், இல்லையா? ஒவ்வொரு நோடிலும் ஆழத்தை ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கிறோம்.

பழம்நிரலர்:
அதே கணக்குதான். ஆழம் கையில் இருந்தால் எண்ணும் நடையே வேண்டாம். வித்தியாசத்தை நகர்த்திவிட்டுச் சேர்ந்து ஏறினால் போதும். 3, 5, 4 உதாரணத்தில் 24-க்குப் பதில் 8 நகர்வுதான். தாவும் முறையால் அந்த ஆழத்தைப் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

மதியழகன்:
லிஸ்ட்டுக்குள் சுழல் இருந்தால்?

பழம்நிரலர்:
எண்ணும் லூப் முடியவே முடியாது. தாவும் முறையிலும் சுழலுக்குள் போன பாயிண்டருக்கு `NULL` கிடைக்காது, அதனால் அது தாவாது. சுழல் இருக்க வாய்ப்புண்டு என்றால் முதலில் அதைத் தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு முறைகளுமே அதற்கு ஆகாது.

தாவல்:
இன்னொரு விஷயத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். லிஸ்ட் கேஷில் அடங்காத அளவு பெரிதாக இருந்தால், நகர்வுகளின் எண்ணிக்கையைவிட மெமரிக்காகக் காத்திருக்கும் நேரம்தான் முக்கியம். தாவும் முறையில் p-யும் q-வும் ஒன்றையொன்று சாராமல் ஓடுவதால் இரண்டு காத்திருப்புகளும் ஒரே சமயத்தில் நடக்கலாம். A-யை முழுசாக எண்ணிவிட்டு அப்புறம் B-யை எண்ணினால் அந்த வசதி இல்லை.

பழம்நிரலர்:
இரண்டையும் ஒரே லூப்பில் எண்ணினால் எனக்கும் அந்த வசதி உண்டு. நீளமான லிஸ்ட்டின் மீதி மட்டும் தனியாக நடக்கும்.

தாவல்:
அந்த மீதியே மிக நீளமாக இருந்தால்? ஒன்று பத்து நோடு, இன்னொன்று பத்து லட்சம் நோடு?

பழம்நிரலர்:
அப்போது உங்கள் p பத்து நோடிலேயே B-க்குத் தாவி, q-வுக்குப் பின்னாலேயே வருகிறது. q இப்போதுதான் படித்த நோடுகளை p மறுபடி படிப்பதால் அவை கேஷிலேயே இருக்கலாம். என் முறையில் இரண்டாவது நடை வருவதற்குள் அவை கேஷிலிருந்து போயிருக்கும். அந்தக் கோணத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் சேராத ஜோடியாக இருந்தால் எனக்கு அந்த இரண்டாவது நடையே இல்லை. இரண்டையும் ஒரே தரவில் ஓட்டி அளந்தால்தான் மேலே பேச முடியும்.

இளவேனில்:
அந்தப் பத்து, பத்து லட்சம் ஜோடியை நான் எழுதி ஓட்டிப் பார்க்கிறேன். சேருவது ஒன்று, சேராதது ஒன்று. நோடுகளை மெமரியில் வரிசையாக வைத்து ஒரு தடவை, கலைத்து வைத்து ஒரு தடவை.

பழம்நிரலர்:
கலைத்ததை முதலில் ஓட்டுங்கள். வரிசையாக இருந்தால் பிராசஸரே அடுத்த நோடுகளை முன்கூட்டி எடுத்துவந்துவிடும். இரண்டு முறைக்கும் வித்தியாசம் அதில் தெரியாமல் போகலாம்.