புதுப்பிப்பு: முறைப்பாடு கிடைத்ததாக அனுப்பும் கடிதம்

நான் கேட்டது: “தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் மேல் எழுத்தில் முறைப்பாடு வந்திருக்கிறது. கிடைத்ததாக என்ன எழுதுவது?”

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஹட்டன் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது. “பழிவாங்கல் இருக்காது” என்று மட்டும் விடாமல் ஷிப்ட் மாற்றம், ஓவர்டைம் குறைப்பு, இடமாற்றம் என்று பெயர் சொல்லி எழுதினேன். கிடைத்த தேதி, விசாரிப்பவர் பெயர், வாக்குமூலத்துக்கு 7 நாள், முடிவுக்கு 30 நாள் என்பதையும் போட்டேன்.

முழு இரகசியம் என்று எழுதச் சொன்ன அக்கா பாதிதான் சரி. எதிர்த்தரப்புக்குக் குற்றச்சாட்டைச் சொல்லித்தானே பதில் கேட்க வேண்டும்? “தேவையானவர்களுக்கு மட்டும்” என்று எழுதினேன். ஈபிஎஃப் பாக்கி பற்றிக் கேட்ட தம்பி, அதற்குத் தொழில் திணைக்களம் போங்கள்.

எதிர்பாராதது: அடுத்த ஓவர்டைம் பட்டியலிலேயே முறைப்பாடு கொடுத்த பெண்ணின் பெயர் இல்லை. கடிதத்தின் வரியைக் காட்டியதும் மெனேஜர் அன்றே சேர்த்தார். சாட்சிகளுக்கும் அதே பாதுகாப்பு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கூட வேலை செய்பவர்கள் வாய் திறந்தார்கள். விசாரணை இன்னும் நடக்கிறது.