90 நாள் கடன் கேட்டவருக்கு 30 நாள் கொடுத்த அனுபவம்

எஸ்.பி. ரோடு மின்பொருள் கடைக்காரர்:
பெங்களூருவில் வயர், சுவிட்ச் மொத்த வியாபாரம் செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக ரொக்கத்துக்கே வாங்கிவந்த ஓசூர்க்கார வயரிங் காண்டிராக்டர் ஒருவர், "அண்ணா, பெரிய அடுக்குமாடி வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து லட்சம் வரை 90 நாள் கடன் வேண்டும்" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு அவருடைய பழைய பில்களைக் கூட்டினேன். மாதம் ஏறக்குறைய ஒன்றரை லட்சத்துக்கு வாங்குகிறார். 90 நாள் கொடுத்தால் என் பணம் நாலரை லட்சம் அவரிடமே நிற்கும். எனக்குக் கம்பெனி தருவதோ 30 நாள். மீதி 60 நாளுக்கு வங்கி வட்டி என் தலையில் விழும்.

மறுநாள் தனியாக உட்காரவைத்துச் சொன்னேன்: "தம்பி, உங்கள் மேல் சந்தேகம் இல்லை. எனக்கே 30 நாள்தான் கிடைக்கிறது. 90 நாள் தாங்காது. ஒன்றரை லட்சம் தருகிறேன். பில் தேதியிலிருந்து 30 நாள். மொத்த பாக்கி எந்த நாளிலும் அதைத் தாண்டக்கூடாது. ஒரு பில் தவணை தாண்டினாலும், அது தீரும்வரை சரக்கு ரொக்கத்துக்குத்தான். மூன்று மாதம் கழித்து மறுபடி பேசுவோம்." அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, சம்மதம் என்று பதில் வாங்கினேன்.

'மொத்த பாக்கி' என்று எழுதியதுதான் காப்பாற்றியது. மாதத்துக்கு ஒன்றரை லட்சம் என்று அவர் நினைத்திருந்தார். பாக்கி 1,20,000 இருக்கும்போது 70,000 ரூபாய்ச் சரக்கு கேட்டார். செய்தியைக் காட்டினேன். 40,000 கட்டிவிட்டு எடுத்துப்போனார்.

சிக்பேட்டை ஜவுளிக்காரர்:
இவ்வளவு எதற்கு? சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவு எடுத்துவிடுங்கள். 45 நாளில் பணம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அல்சூர் கணக்காளர்:
பாதிதான் சரி. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பாதுகாப்பு, உற்பத்தி செய்யும் அல்லது சேவை தரும் குறு, சிறு நிறுவனங்களுக்கு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவர்களுக்கும் கெடு 15 நாள்தான். வாங்கி விற்பவர் உத்யம் பதிவு எடுத்தாலும் அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க முடியாது. எனக்கு வேறு கவலை: பில்டர் அந்தக் காண்டிராக்டருக்கு எப்போது பணம் தருகிறார் என்று கேட்டீர்களா?

ஸ்ரீராமபுரம் மளிகைக்காரர்:
நான் ஆட்கள் நிற்கும்போதே, "பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள்" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன். பாக்கியைத் தீர்த்தார்; பிறகு கடைப்பக்கமே வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பழக்கம். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

எஸ்.பி. ரோடு மின்பொருள் கடைக்காரர்:
பில்டரைப் பற்றி நான் கேட்கவில்லை, ஐயா. கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் ஒரு பில் 34-ஆம் நாள்தான் தீர்ந்தது. பில்டர் இழுத்தடிக்கிறார் என்று 28-ஆம் நாளே அவராகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த நான்கு நாளும் ரொக்கத்துக்கே சரக்கு எடுத்தார், முகம் சுளிக்கவில்லை. இப்போது வரம்பை இரண்டரை லட்சமாக்கக் கேட்கிறார். தாமதத்தைப் பார்ப்பதா, முன்கூட்டிச் சொன்னதைப் பார்ப்பதா? இன்னும் பதில் சொல்லவில்லை.