mifos-standard-strategy: தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

வாணி:
வணக்கம். அபாச்சி ஃபினெராக்ட் கடன் மென்பொருளைத் தமிழாக்கும்போது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தவணையைக் குறைத்துக் கட்டினால் அந்தப் பணம் முதலில் எதில் கழியும் என்று சொல்லும் அமைப்பு அது. `mifos-standard-strategy` என்றால் அபராதம், கட்டணம், வட்டி, கடைசியில் அசல். "திருப்பிச் செலுத்தும் உத்தி" என்று போட்டேன். கடன் வாங்கியவர் போடும் உத்தி மாதிரி இருக்கிறது.

முருகேசன்:
"செலுத்துகை ஒதுக்கீடு" போதுமே. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவுப்படி, எதில் கழிக்க வேண்டும் என்று கட்டுபவரே சொல்லலாம்.

சலீம்:
பாதி சரி, முருகேசன் சார். 59 முதல் 61 வரையிலான பிரிவுகள் ஒருவரிடமே தனித்தனியாகப் பல கடன் இருக்கும்போது பொருந்துபவை. ஒரே கடனுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் வட்டி முதலில், அசல் பிறகு என்பதுதான் நீதிமன்றங்களின் பொதுவழக்கம். அப்புறம், ஒதுக்கீடு என்றாலே இங்கே நினைவுக்கு வருவது வேறு.

கூட்டுறவுச் சங்கத்தில் ரசீது எழுதிய காலத்தில் "வட்டிக்கு வரவு, அசலுக்கு வரவு" என்றுதான் எழுதுவோம். அதனால் "வரவு வைக்கும் வரிசை" என்பேன்.

ஒரு கணக்கு பாருங்கள். நிலுவை அசல் 1,80,000, வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். இந்த மாத வட்டி 1,800, அசல் 3,200, அபராதம் 200. கையில் இருப்பது 3,000 ரூபாய். அபராதத்தில் தொடங்கினால் அசலுக்குப் போய்ச் சேர்வது 1,000 மட்டுமே. அசலில் தொடங்கினால் மூவாயிரமும் அசலுக்கே. அடுத்த மாத வட்டி முன்னதில் 1,790, பின்னதில் 1,770.

கவிதா:
இருபது ரூபாய்தானா? எனக்கு நடந்தது வேறு. ஒரு மாதம் தாமதமானது, 200 அபராதம் விழுந்தது. நான் வழக்கம்போல் 5,000 கட்டினேன். அபராதத்தை முதலில் எடுத்துக்கொண்டதால் தவணையில் 200 குறைந்து நின்றது. அந்த 200க்காக அடுத்த மாதம் மறுபடி 200. ஒவ்வொரு மாதமும் 5,000 சரியாகக் கட்டியும் நிலுவை ஏறிக்கொண்டே போனது. கணக்கு அறிக்கையில் அபராத வரி மாதாமாதம் வந்ததைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

பிரபு:
முன்கூட்டியே பகுதிப் பணம் கட்டினால் தவணை எண்ணிக்கை குறையுமா?

சலீம்:
தம்பி, அது முன்செலுத்தல். இங்கே பேசுவது குறைவாகக் கட்டுவதைப் பற்றி. கவிதா சொன்னதுதான் உண்மையான ஆபத்து, என் உதாரணத்தில் அது வரவில்லை.

வாணி:
"வரவு வரிசை" என்று சுருக்கிக்கொள்கிறேன், பட்டனில் அடங்குகிறது. ஆனால் "அபராத வட்டி" என்று எழுதலாமா? ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையில் அதை வட்டியோடு சேர்க்காமல் தனிக் கட்டணமாக மட்டும் வசூலிக்கச் சொல்லிவிட்டதே.

சலீம்:
அப்படியானால் "அபராதக் கட்டணம்".

முருகேசன்:
அப்போது வரிசையில் அபராதக் கட்டணம், கட்டணம் என்று இரண்டு கட்டணம் அடுத்தடுத்து வருமே?