குவாட்ரட்: நிலத்துக்காரருக்கு எழுதும் கடிதத்தில் என்ன சொல்வது?

மாணவி: வணக்கம். முதுநிலைத் தாவரவியல் ஆய்வுக்காக வாலிநோக்கம் பக்கம் ஒரு பட்டா நிலத்தில் செடிகொடிகளைக் கணக்கெடுக்க வேண்டும். பனையும் உடைமரமும் நிற்கிற மணல்மேடு. உரிமையாளருக்கு, “தங்கள் நிலத்தில் 12 அளவைச் சதுரங்கள் அமைத்து மாதிரி எடுக்க அனுமதி வேண்டுகிறேன்” என்று எழுதினேன். “யாருக்காக அளக்கிறீங்க? மண்ணை எடுத்து என்ன பண்ணப் போறீங்க?” என்று போனில் கேட்டார். ஒப்புக்கொள்ளவில்லை. செடிகொடிகளைக் கணக்கெடுக்க நிலத்தில் குறித்துக்கொள்ளும் சிறு பரப்பைத்தான் குவாட்ரட் என்கிறோம். அதற்கு அவர் பயப்படாத சொல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்: ‘அளவை’ என்றால் சர்வேயர்தான் நினைவுக்கு வருவார். ‘பாத்தி’ என்று போடுங்கள், உழவருக்குத் தெரிந்த சொல்.

சாயல்குடி அன்பர்: அந்தக் கரையில் பாத்தி என்றால் உப்புப் பாத்தி. 12 பாத்தி என்றால் உப்பளம் போட வருவதாகவே நினைப்பார். எங்கள் அப்பா நிலத்தில் சிலர் சொல்லாமல் முளை அடித்துவிட்டுப் போனார்கள். பாதை போட என்று பிறகுதான் தெரிந்தது. அதிலிருந்து யார் முளை அடித்தாலும் பிடுங்கி எறிந்துவிடுவார்.

இன்னொருவர்: மன்னார் வளைகுடா தேசியப் பூங்காதானே? வனத்துறையிடம் அல்லவா கேட்க வேண்டும்?

மாணவி: பூங்கா தீவுகளில் இருக்கிறது, ஐயா. இது கரையில் உள்ள தனியார் நிலம்.

தாவரவியல் ஆசிரியர்: சதுரத்தை விட்டுவிடலாம், அம்மா. குவாட்ரட் நீள்சதுரமாகவும் இருக்கும், வட்டமாகவும் இருக்கும். முதலில் ‘எண்ணுகட்டம்’ என்று நினைத்தேன். ஆனால் அடம்பை எப்படி எண்ணுவது? கணுவுக்குக் கணு வேர் விட்டு ஓடுகிற கொடி, ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தரையில் எத்தனை பங்கை மூடியிருக்கிறது என்றுதான் மதிப்பிடுகிறோம். அதனால் ‘செடிக்கட்டம்’ சரியாகப் படுகிறது.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. அளவை சென்ட்டில் சொல்லுங்கள். பக்கத்துக்கு 10 மீட்டர் என்றால் ஒரு கட்டம் சுமார் இரண்டரை சென்ட், 12 கட்டமும் சேர்ந்து 30 சென்ட். ‘மாதிரி’ என்ற சொல்லே வேண்டாம், அதுதான் அவரை மண்ணிடம் கொண்டுபோனது. எதை எடுப்பீர்கள் என்று சொல்லுங்கள். ஆனால் அடுத்த பருவத்தில் அதே இடத்துக்கு வர முளையை விட்டுவைப்பதாக இருந்தால், அதை மறைக்காதீர்கள்.

மாணவி: முளை நிற்காது, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துக்கொள்வேன். இப்படி மாற்றியிருக்கிறேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நிலத்தில் என்னென்ன செடி, கொடி, மரம் இருக்கின்றன என்று கணக்கெடுக்க விரும்புகிறேன். இரண்டரை சென்ட் அளவில் 12 இடங்களில் கயிறு கட்டிச் செடிக்கட்டம் அமைப்பேன். கயிற்றையும் முளையையும் அன்று மாலையே எடுத்துவிடுவேன். மண் எடுக்க மாட்டேன். பெயர் தெரியாத செடியில் ஒரு கிளை மட்டும் தங்களிடம் காட்டிவிட்டு எடுத்துச் செல்வேன். நில எல்லையையோ சர்வே எண்ணையோ ஆய்வேட்டில் எழுத மாட்டேன்.”

சாயல்குடி அன்பர்: இதைத் தபாலில் போடாதே அம்மா. நேரில் போய்க் கொடு, கையில் கயிற்றையும் கொண்டுபோய்க் காட்டு.

மொழிபெயர்ப்பாளர்: கடிதம் நன்றாக இருக்கிறது. ஆனால் 10 மீட்டர் கட்டத்தில் எண்ணப்போவது பனையைத்தானே? பனையைச் செடி என்று எந்த ஊரில் சொல்வார்கள்? ஆய்வேட்டில் வெறும் ‘கட்டம்’ போதும் என்பது என் எண்ணம்.

தாவரவியல் ஆசிரியர்: வெறும் கட்டம் என்றால் அட்டவணையில் உள்ள கட்டத்தோடு குழம்பும். பனைக்கு இன்னும் யோசிக்க வேண்டும்.