அட்டைகள் இல்லை, பில் மட்டும் இருக்கிறது: அப்பாவின் மாத்திரைப் பட்டியலை எழுத முடியுமா?

முகில்:
அப்பாவுக்கு அடுத்த வாரம் கண்புரை அறுவை சிகிச்சை. சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் பிரித்து டப்பாவில் போட்டுவிட்டு அட்டையை எறிந்துவிடுவார். மருத்துவர் சீட்டும் காணோம். போன மாத பில் மட்டும் இருக்கிறது. பெயர்களைச் சுருக்கித் தருகிறேன்:
கிளிமி எம்2, பேக் 15, அளவு 4
டெல்மி 40 எச், பேக் 10, அளவு 3
ஏவி 75, பேக் 15, அளவு 1

வெயில்:
சுலபம். அளவு 4 என்றால் ஒரு நாளைக்கு நான்கு. எம்2 என்பது மெட்ஃபார்மின்.

பழைய மருந்தாளுநர்:
மெட்ஃபார்மின் இருப்பது சரி, மற்றது தப்பு. அந்த 2, கிளிமிபிரைடு 2 மி.கி. அதோடு மெட்ஃபார்மின் சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் 500. டெல்மிசார்டனுக்குப் பின்னால் எச் வந்தால் ஹைட்ரோகுளோரோதயாசைடு, அதாவது சிறுநீரை அதிகமாக்கும் மருந்து. அதை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.

அளவு என்பது அட்டைக் கணக்கா மாத்திரைக் கணக்கா என்று பாருங்கள். பேக் விலையை அளவால் பெருக்கினால் அந்த வரியின் தொகை வருகிறதா? வந்தால் அட்டைதான். அப்படியானால் கிளிமி 60, மாதத்துக்கு என்றால் தினம் இரண்டு. டெல்மி தினம் ஒன்று.

நட்சத்திரம்:
எங்களுக்கும் இதே தொல்லை, காப்பீட்டுக்காரர் அசல் பில்தான் வேண்டும் என்கிறார். நகல் எடுத்தால் ஏற்பார்களா?

முகில்:
அது வேறு விஷயம், தனி இழை போடுங்களேன். தொகை பெருக்கிப் பார்த்தேன், அட்டைதான். ஆனால் ஏவி 75 ஒரே அட்டை, 15 மாத்திரை. அப்பா தினமும் இரவு சாப்பிடுவதாகச் சொல்கிறார்.

பழைய மருந்தாளுநர்:
முன்பு வாங்கியதில் மிச்சம் இருந்திருக்கலாம், வேறு கடையில் மீதி வாங்கியிருக்கலாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். ஏவி என்பது ஆஸ்பிரினும் அட்டோர்வாஸ்டாட்டினும். 75 ஆஸ்பிரினுக்கு. அடுத்து அட்டோர்வாஸ்டாட்டினுக்கு 10 அல்லது 20 வரும். பில்லில் பெயருக்கான இடம் குறைவு என்பதால் கடைசி எண் வெட்டுப்பட்டுப் போகும். டப்பாவில் இருப்பதன் நிறத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். பில் எண்ணையும் பேட்ச் எண்ணையும் சொல்லிக் கடையில் கேளுங்கள், கணினியில் முழுப்பெயர் இருக்கும். அப்புறம், முந்தைய மூன்று நான்கு மாத பில்களையும் கேளுங்கள். தைராய்டு மாத்திரை பெரும்பாலும் 100 அல்லது 120 கொண்ட பாட்டிலில் வரும், எல்லா மாத பில்லிலும் இருக்காது.

வெயில்:
ஆஸ்பிரின் என்றால் இப்போதே நிறுத்திவிடச் சொல்லுங்கள்.

பழைய மருந்தாளுநர்:
வேண்டாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை அறுவை செய்பவர்தான் சொல்ல வேண்டும். கண்புரைக்குப் பலர் அதைத் தொடரவே சொல்வார்கள்.

முகில்:
கடையில் கேட்டேன். ஏவி 75, 20 உள்ளதுதான். இரண்டு மாதத்துக்கு முந்தைய பில்லில் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் பாட்டிலும் இருக்கிறது. பாட்டில் அலமாரியில் இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. மிச்ச 15 ஏவி எங்கே வாங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. அந்த வரியில் "பில்லில் 15, இரவு தினமும் என்கிறார்" என்று இரண்டையும் எழுதிக் கொடுக்கப்போகிறேன்.