ஒரே எண், மூன்று இடத்தில் மூன்று பேர்: தேடிப் பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெண்ணிலா
கொஞ்ச நாளாக ஒரு எண்ணிலிருந்து ராத்திரியில் அழைப்பு வருகிறது. எடுத்தால் பேச்சே இல்லை, உடனே திரும்ப அழைத்தால் சுவிட்ச் ஆஃப். அழைப்பவர் பெயர் காட்டும் செயலியில் போட்டேன், ஒரு பெண் பெயரும் பக்கத்தில் ‘டியூஷன்’ என்றும் வந்தது. வாட்ஸ்அப்பில் பார்த்தால் வயதான ஒருவர் பேரக்குழந்தையோடு நிற்கிற படம். கூகுளில் அதே எண் ஒரு பைக் விற்பனை விளம்பரத்தில், வேறொரு ஆண் பெயரோடு. இதில் என்னை அழைப்பது யார்? அந்த டீச்சருக்கு நேராக மெசேஜ் போட்டுக் கேட்டுவிடலாமா?

சுடரொளி
செயலியில் வருகிற பெயர்தான் சரி, சிம் வாங்கும்போது கொடுத்த ஆவணத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தால் எந்த கம்பெனி என்றும் தெரிந்துவிடும்.

மாறன்
தொலைத்தொடர்பில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். சுடரொளி, முதல் இலக்கங்கள் காட்டுவது அந்த எண் ஆரம்பத்தில் எந்த கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டது என்பதைத்தான். எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி உள்ள நாடுகளில் அது இன்றைய கம்பெனியாக இருக்க வேண்டியதில்லை. பெயர் விஷயம் வேறு. சில நாடுகளில் நெட்வொர்க்கே பெயரை அனுப்பும், ஆனால் இந்தச் செயலிகள் பெரும்பாலும் காட்டுவது யாரோ ஒருவர் தன் போனில் சேமித்து வைத்த பெயரை. வெண்ணிலா பார்த்த ‘டியூஷன்’ என்ற ஒட்டே அதற்குச் சாட்சி, யாரும் ஆவணத்தில் தன் பெயரை அப்படிக் கொடுக்க மாட்டார்கள். ஏதோ ஒரு மாணவரின் அம்மா சேமித்ததாக இருக்கும், அதுவும் எந்த வருடமோ.

வெண்ணிலா, விளம்பரத்தின் தேதியைப் பாருங்கள். தேடும்போது எண்ணை ஒரே வடிவத்தில் போட்டு விட்டுவிடாதீர்கள், இடைவெளியோடு எழுதியிருந்தால் பக்கம் சிக்காமல் போகும். கதைகளுக்கென ஒதுக்கிய ஒரு எண்ணை வைத்துக் காட்டுகிறேன்:

```
"2025550143" OR "202-555-0143" OR "(202) 555-0143"
```

கார்முகில்
என் எண்ணை அந்தச் செயலியிலிருந்து எப்படி எடுப்பது? நான் அதை நிறுவியதே இல்லை, ஆனால் என் பெயர் அதில் இருக்கிறது.

மாறன்
நிறுவியவர்களின் தொடர்புப் பட்டியலில் நீங்கள் இருந்தால் போதும், உங்கள் பெயரும் எண்ணும் செயலிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சில செயலிகளின் தளத்தில் எண்ணை நீக்கக் கேட்கப் படிவம் இருக்கிறது. ஆனால் அந்த ஒரு செயலியிலிருந்துதான் போகும்.

வெண்ணிலா
தேதி பார்த்தேன், விளம்பரம் 2014-ல் போட்டது. அடைப்புக்குறி வடிவத்தில் தேடியபோது ஒரு டியூஷன் சென்டர் அறிவிப்பும் வந்தது, அது 2019. வாட்ஸ்அப் படம் எப்போது வைத்தது என்று தெரியவில்லை.

மாறன்
அப்படியென்றால் எண் கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்றுதான் படுகிறது. விட்டுவிட்ட எண்ணைக் கம்பெனிகள் சிறிது காலம் சும்மா வைத்திருந்துவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அமெரிக்காவில் அந்தக் குறைந்தபட்சக் காலம் 45 நாள்தான். மூன்று பேரும் உண்மையான ஆட்களாகவே இருக்கலாம், வெவ்வேறு வருடங்களில். வாட்ஸ்அப் கணக்கு கூட முந்தைய ஆளுடையதாக இருக்கலாம், புதியவர் அந்த எண்ணில் பதிவு செய்யும்வரை பழையது அப்படியே நிற்க வாய்ப்புண்டு. அதனால் டீச்சருக்கு எதுவும் அனுப்பாதீர்கள், அந்த மெசேஜ் யாரிடம் போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியாது.

இளவேனில்
நான் மறுபக்கத்தில் மாட்டியவள். முன்பின் தெரியாதவர்கள் எனக்குப் போன் போட்டு ‘ஏன் என்னைக் கூப்பிட்டுத் தொல்லை பண்ணுகிறாய்’ என்று கத்தினார்கள், என் அழைப்புப் பதிவில் அப்படி ஒரு அழைப்பே இல்லை. யாரோ என் எண்ணைத் திரையில் காட்டி அழைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செயலியில் என் எண்ணை ‘மோசடி’ என்று குறித்துவிட்டார், அதனால் நான் வேலைக்காக யாரைக் கூப்பிட்டாலும் சிவப்பாகத் தெரிந்தது. எண்ணைத் தேடி ஒரு பெயர் கிடைத்துவிட்டால் உடனே ஆளையே பிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள், தயவுசெய்து.

சுடரொளி
சரி, அப்போது எச்எல்ஆர் தேடல் என்று, நெட்வொர்க்கின் சந்தாதாரர் பதிவேட்டில் எண்ணைத் தேடி, காசு வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்களே, அதில் ஆள் தெரியாதா?

மாறன்
எண் உயிரோடு இருக்கிறதா, இப்போது எந்த நெட்வொர்க், சில சமயம் போன் ஆனாக இருக்கிறதா என்பதுவரை வரும். பெயர் வராது, முகவரி வராது. அழைப்பு வந்த அதே நிமிடத்தில் தேடி, போன் ஆஃபில் இருக்கிறது என்று காட்டினால் இளவேனில் சொன்ன மாதிரி போலியாகக் காட்டிய எண் என்று சந்தேகப்படலாம். ஆனால் பல நெட்வொர்க்குகள் அந்தத் தகவலை இப்போது மறைக்கின்றன, அதனால் அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன். அழைப்பு உண்மையில் எங்கிருந்து கிளம்பியது என்பது கம்பெனிகளின் பதிவில் மட்டும்தான் இருக்கும், அதையும் காவல்துறையோ நீதிமன்றமோ கேட்டால்தான் தருவார்கள். ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், எவ்வளவு விநாடி என்று எழுதி வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள், அந்த நேரம் இருந்தால்தான் அவர்களால் தேட முடியும்.

வெண்ணிலா
நேற்று வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது, முந்தியதெல்லாம் போன் பதிவில் அழிந்துவிட்டது. புகாரில் அந்த மூன்று பெயர்களையும் எழுதட்டுமா?

இளவேனில்
வேண்டாம், எண்ணை மட்டும் எழுதுங்கள்.

மாறன்
எழுதலாம் என்பது என் எண்ணம், ஆனால் எங்கே கிடைத்தது, எந்த வருடம் என்பதையும் சேர்த்து.