கருப்பு டீஷர்ட்டில் டிசைன் மடிப்போடு வளையாமல் மொத்தமாக நகர்கிறது, உதவி தேவை

இழைநூல்:
போட்டோஷாப்பில் ஒரு கருப்பு டீஷர்ட் படத்தின் மேல் வெள்ளை எழுத்து டிசைன் வைக்கிறேன். சட்டைப் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, தனி PSD கோப்பாகச் சேமித்து, டிசைன் லேயரில் `Filter > Distort > Displace` போட்டேன். இரண்டு ஸ்கேலும் 20. எழுத்து மடிப்பில் வளைவதற்குப் பதிலாக மூலைவாட்டில் தள்ளிப்போய் நிற்கிறது. உற்றுப் பார்த்தால்தான் லேசாக நெளிவது தெரிகிறது. வெளிர்சாம்பல் சட்டையில் இதே முறை ஓரளவு நன்றாகவே வந்தது.

வண்ணப்பொடி:
ஸ்கேல் போதவில்லை. 60 வைத்துப் பாருங்கள். அப்புறம் மேப்பை நன்றாக பிளர் செய்துவிட்டுச் சேமியுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

இழைநூல்:
60 வைத்தேன். எழுத்து இன்னும் தூரம் போய்விட்டது, ஓரமெல்லாம் பிய்ந்த மாதிரி இருக்கிறது. பிளர் செய்ததும் பிசிறு குறைந்தது, ஆனால் நகர்வது நிற்கவில்லை.

பழைய தறி:
பிளர் செய்யச் சொன்னது சரி. துணியின் நெசவு மேப்பில் இருந்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். ஆனால் ஸ்கேலைக் கூட்டினால் கோளாறும் சேர்ந்து கூடும்.

இந்த ஃபில்டருக்கு 128 என்ற நடுச்சாம்பல்தான் அசையாத புள்ளி. அதைவிட இருண்ட இடம் ஒரு பக்கமும், வெளிச்சமான இடம் எதிர்ப்பக்கமும் தள்ளும். ஸ்கேல் 100 என்றால் அதிகபட்சம் 128 பிக்சல், 20 என்றால் சுமார் 26 பிக்சல். உங்கள் மேப்பைத் திறந்து ஹிஸ்டோகிராமில் சராசரியைப் பாருங்கள். கருப்புச் சட்டையில் 50-ஐ ஒட்டி இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் சட்டை முழுக்க 128-க்குக் கீழே கிடக்கிறது, டிசைன் மொத்தமாகப் பதினாறு பிக்சல் நகர்ந்துவிடும். மடிப்பின் மேடும் பள்ளமும் 30 முதல் 70 வரை என்று வைத்துக்கொண்டால், அவற்றுக்கிடையே கிடைக்கும் வித்தியாசம் எட்டே பிக்சல். நகர்வு கண்ணில் படுகிறது, நெளிவு படவில்லை.

மேப்பை கிரேஸ்கேல் ஆக்கி `Filter > Other > High Pass` போடுங்கள். ரேடியஸ் ஏறக்குறைய ஒரு மடிப்பின் அகலம் இருக்கட்டும். மிகக் குறைத்தால் மடிப்பு போய் விளிம்புக் கோடுகள் மட்டும் மிஞ்சும். இதில் சராசரி தானாக 128-க்கு வந்துவிடும், ஒரு பக்க விளக்கால் வரும் பெரிய வெளிச்ச இறக்கமும் போய்விடும். பிறகு லெவல்ஸில் இரு முனையையும் 128-க்குச் சமதூரத்தில், 88, 168 என்பது போல இழுங்கள். பிளர் கடைசியில்தான், இரண்டு மூன்று பிக்சல் போதும்.

இன்னொன்று: மேப்பில் ஒரே சானல் இருந்தால் அதுவே கிடைமட்டத்துக்கும் செங்குத்துக்கும் பயன்படும், அதனால்தான் மூலைவாட்டில் போகிறது. உங்கள் மடிப்புகள் மேலிருந்து கீழாக விழுந்தால் செங்குத்து ஸ்கேலை 0 அல்லது மிகக் குறைவாக வையுங்கள்.

களிமண்:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் காபி மக்கில். லோகோ வளையவே இல்லை, கைப்பிடிப் பக்கம் பளபளப்பு விழுந்த இடத்தில் மட்டும் கோணலாகிறது. High Pass போட்டால் சரியாகுமா?

பழைய தறி:
ஆகாது. மக் வழவழப்பானது, அதில் மடிப்பே இல்லை. மேப்புக்குக் கிடைப்பது அந்தப் பளபளப்பு மட்டும்தான், அதை மேடு என்று எடுத்துக்கொண்டு லோகோவைக் கோணலாக்குகிறது. டிஸ்பிளேஸை எடுத்துவிட்டு `Edit > Transform > Warp` கொண்டு வாய் விளிம்பின் வளைவுக்கும் அடி விளிம்பின் வளைவுக்கும் பொருத்துங்கள். பளபளப்பை லோகோவுக்கு மேலே ஸ்கிரீன் லேயராகப் போடலாம்.

இழைநூல்:
சராசரி 47 இருந்தது! High Pass, லெவல்ஸ் முடித்து, கிடைமட்டம் 20, செங்குத்து 3 கொடுத்தேன். எழுத்து இடத்திலேயே நின்று நெளிகிறது. ஆனால் ஒட்டிவைத்த ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கிறது. சட்டைப் படத்தை மேலே மல்டிப்ளை போட்டால் வெள்ளை எழுத்து காணாமல் போகிறது.

பழைய தறி:
கருப்பின் மேல் மல்டிப்ளை அப்படித்தான், எல்லாவற்றையும் விழுங்கிவிடும். இந்த ஃபில்டர் இடத்தை மாற்றுமே தவிர நிழல் தராது. அதே High Pass பிரதியை டிசைனுக்கு மேலே கிளிப் செய்து லீனியர் லைட் வையுங்கள், ஒபாசிட்டி 30-லிருந்து ஏற்றிப் பாருங்கள். தூய வெள்ளையில் மேட்டின் வெளிச்சம் தெரியாது, எழுத்தைக் கொஞ்சம் சாம்பலாக்கிக்கொள்ளுங்கள்.

வண்ணப்பொடி:
நான் இதற்கு லேயர் ஸ்டைலில் இருக்கும் Blend If மட்டும் பயன்படுத்துகிறேன், போதுமானதாக இருக்கிறது.

பழைய தறி:
வெளிர் சட்டையில் போதும். கருப்பில் வேலை செய்யும் இடைவெளி குறுகலாக இருக்கும், எழுத்தில் ஓட்டை ஓட்டையாக வரும். ஆனாலும் சில படங்களில் அதுவே அழகாக வந்துவிடுகிறது, மறுக்கவில்லை.

இழைநூல்:
லீனியர் லைட் 40-ல் துணியோடு சேர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் பாக்கி: இடுப்புப் பக்கம் துணி தன் மேலேயே மடிந்து ஒரு எழுத்தின் பாதியை மறைக்க வேண்டும். அங்கே எழுத்து இழுபட்டு நீள்கிறது, மறையவில்லை.

பழைய தறி:
மேப்புக்குச் சாம்பல் நிறம்தான் தெரியும், துணி எங்கே ஒளிகிறது என்று தெரியாது. நான் அந்த இடத்தில் டிசைனை இரண்டு லேயராக வெட்டி, மடிப்பின் கோட்டில் மாஸ்க் போட்டு, கீழ்த்துண்டைக் கொஞ்சம் தள்ளிவைப்பேன். இதைவிடச் சுலபமான வழி யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.